மானியமும் தொழில் தேர்வும்

நுழையும்முன்

தொழிலை முடிவு செய்தபின் கடனைத் தேடுவது பலரின் வழக்கம். அரசுத் திட்டத்தின் விதிகளை முன்னரே படித்தறிந்தால், எந்தத் தொழில், எந்த ஊரில், எப்போது என்னும் மூன்று முடிவுகளும் மாறக்கூடும். அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின்வழி விளக்குகிறது.

இரு எண்ணங்கள்

ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் பட்டதாரிப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சமையல் எண்ணெய் விற்கும் தொழிலில் இறங்க அவர் விரும்புகிறார். அதற்கு எட்டு இலட்சம் ரூபாய் தேவை எனக் கணக்கிடுகிறார். நகரில் கடை எடுத்து, எண்ணெயை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கலாம் என்பது அவரது முதல் எண்ணம். நிலக்கடலையும் எள்ளும் வாங்கித் தம் ஊரிலேயே மரச்செக்கில் ஆட்டி விற்கலாம் என்பது மற்றோர் எண்ணம். கடை நடத்துவது எளிது என்பதால் முதல் எண்ணத்தின் பக்கமே அவர் மனம் சாய்ந்திருந்தது.

பொருளா, பொறியா?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மாவட்டத் தொழில் மையமும் கதர் நிறுவனங்களும் விண்ணப்பங்களைப் பெறுகின்றன. கடனை வங்கி வழங்குகிறது. பொருளை வாங்கி அப்படியே விற்கும் வணிகத்திற்கு இத்திட்டத்தில் நம் மாநிலத்தில் பொதுவாக இடமில்லை. பொறியோ கருவியோ வாங்காமல், சரக்குக் கொள்முதலுக்கு மட்டும் பணம் கேட்கும் விண்ணப்பமும் ஏற்கப்படுவதில்லை. ஆகவே, அவரது கடை இத்திட்டத்திற்குப் புறம்பானது, செக்கு உட்பட்டது. செக்கில் ஆட்டிய எண்ணெயை விற்க ஒரு விற்பனையிடம் அமைத்துக்கொள்ளவும் தடையில்லை. கடைதான் வேண்டுமென்றால், வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசின் திட்டத்தை நாடலாம். அதில் வணிகத்திற்கும் 25 விழுக்காடு மானியம் உண்டு. 

ஊரா, நகரா?

அடுத்து இடம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர், 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி, திட்ட மதிப்பில் 5 விழுக்காட்டைச் சொந்தப் பணமாகப் போட வேண்டும். அவர்களுக்கு மானியம் நகர்ப்புறத்தில் 25 விழுக்காடு. ஊர்ப்புறத்தில் 35 விழுக்காடு. பொதுப்பிரிவினருக்குச் சொந்தப் பணம் 10 விழுக்காடு. மானியம் முறையே 15, 25 விழுக்காடு.

எட்டு இலட்சத்தில் அப்பெண்ணின் பங்கு ரூ. 40,000. வங்கிக் கடன் ரூ. 7,60,000. நகரில் செக்கு அமைத்தால் மானியம் ரூ. 2,00,000, ஊரில் அமைத்தால் ரூ. 2,80,000. செக்கு அதேதான், இடம் மாறியதால் மட்டும் எண்பதாயிரம் ரூபாய் வேறுபடுகிறது. எனினும், நகருக்கு எண்ணெயைக் கொண்டுசெல்லும் வண்டிச்செலவு இவ்வேறுபாட்டை விழுங்கிவிடாதா என்பதையும் அவர் கணக்கிட வேண்டும். செக்கு அமைக்க நிலம் வாங்கினால், அதன் விலை திட்ட மதிப்பில் சேராது. அதற்குரிய பணத்தைத் தனியே தேட வேண்டும்.

இப்போதா, பிறகா?

இத்திட்டத்தின் முதன்முறை மானியம் புதிய தொழிலுக்கு மட்டுமே உரியது. நகையை அடகு வைத்து முதலில் சிறிதாகத் தொடங்கி, பின்னர் மானியத்திற்கு விண்ணப்பிக்கலாம் என எண்ணுவோர் உளர். அவர்களின் விண்ணப்பம் ஏற்கெனவே இயங்கும் தொழில் என்னும் காரணத்தால் தள்ளப்படும். வேறோர் அரசுத் திட்டத்தில் மானியம் பெற்ற தொழிலுக்கும் இதே முடிவுதான். ஆகவே, சிறிய மானியத்தை அவசரமாகப் பெறுவது பெரிய மானியத்தின் கதவை அடைத்துவிடலாம்.

மானியம் கைக்கு வருமா?

மானியம் கையில் தரப்படும் பணம் அன்று. அது வங்கியிலேயே கடன் பெற்றவர் பெயரில் மூன்றாண்டுகள் வைப்பாக நிறுத்தப்படும். அவ்வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வட்டி கிடையாது. மூன்றாண்டுகளுக்குப்பின் தொழில் நேரில் பார்வையிடப்பட்டு, அது நடந்துகொண்டிருந்தால் கடனில் கழிக்கப்படும். இடையில் தொழில் நின்றுபோயிருந்தால், மானியம் அரசுக்கே திரும்பக்கூடும். அப்போது முழுக் கடனும் அவர் தலையில் விழும்.

எனவே, அப்பெண் கேட்க வேண்டிய இறுதிக் கேள்வி ஒன்றுண்டு. மானியம் நீங்கலான ரூ. 4,80,000 கடனை ஐந்தாண்டுகளில் அடைப்பதென்றால், அசல் மட்டும் மாதம் ரூ. 8,000, வட்டி தனி. கடலை விலை ஏறும் மாதங்களிலும் செக்கு இத்தொகையை ஈட்டித் தருமா? தரும் என்று ஊரிலுள்ள செக்குக்காரர்களிடம் கேட்டும், வாங்குவோரை எண்ணிப் பார்த்தும் தெளிந்தால், செக்கைத் தேர்ந்தெடுக்கலாம். தராது எனில், 35 விழுக்காடு மானியமும் அத்தொழிலைக் காப்பாற்றாது. அப்போது, மானியம் குறைந்தாலும் தமக்குக் கைவந்த சிறு கடையே அவருக்கு ஏற்றது.

விதிகளும் வரம்புகளும் அவ்வப்போது மாறுவன. ஆகையால், விண்ணப்பிக்கும் ஆண்டில் நடப்பிலுள்ள விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்தபின் பொறிக்கு முன்பணம் கொடுப்பதே முறை.