மூன்றும் பதின்மூன்றும்

பேருந்து டிக்கெட் விற்கும் ஒரு செயலியில், முன்பதிவை ரத்து செய்யும் வசதியைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டால் அனுபவசாலி பத்து என்பார், புதிதாகச் சேர்ந்தவர் முப்பது என்பார். அவரவர் வேகத்துக்கு இரண்டும் சரிதான். ஆனால், ‘சென்ற மாதம் கைபேசி எண்ணை மாற்றும் வசதியைச் செய்தோமே, அதைவிட இது எவ்வளவு பெரியது?’ என்று கேட்டால் இருவரின் பதிலும் நெருங்கி வரும். பழைய வேலைக்கு 2 என்று வைத்து, மற்றதை அதோடு ஒப்பிட்டுத் தரும் எண்தான் ஸ்டோரி பாயின்ட்.

அந்த எண்ணை முடிவுசெய்ய 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் எழுதிய முறை பிளானிங் போக்கர். ஒவ்வொருவர் கையிலும் 1, 2, 3, 5, 8, 13 என்று சீட்டுகள் இருக்கும். வேலை பெரிதாகும்போது 11க்கும் 12க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது என்பதால்தான் இந்த இடைவெளிகள். சீட்டைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மூத்தவர் முதலில் வாய்விட்டுச் சொன்னால் மற்றவர்கள் அந்த எண்ணையே ஒட்டிப் போய்விடுவார்கள்.

நம் வேலைக்கு ஒருவர் 3 காட்டுகிறார், இன்னொருவர் 13. இந்த இரண்டு பேரும்தான் முதலில் பேச வேண்டும். 3 காட்டியவர் ஒரு பொத்தானையும் பணத்தைத் திருப்பி அனுப்புவதையும் மட்டும் நினைத்திருந்தார். 13 காட்டியவரோ, நான்கு பேர் டிக்கெட்டில் ஒருவர் மட்டும் ரத்து செய்தால் தள்ளுபடியை எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார். அதை யாரும் யோசிக்கவில்லை. வேலை இரண்டாகிறது: முழு டிக்கெட் ரத்துக்கு 5, பகுதி ரத்துக்கு 8. என்னைப் பொறுத்தவரை இந்த உரையாடல், எண்ணைவிட மதிப்புள்ளது.

சரி, தேதி எப்படிக் கிடைக்கும்? இரண்டு வாரச் சுற்றுகள் மூன்றில் இந்தக் குழு 18, 21, 24 புள்ளிகள் முடித்திருக்கிறது, சராசரி 21. மீதி வேலை 105 புள்ளி என்றால் ஐந்து சுற்று, அதாவது பத்து வாரம். 18ஆகவே போனால் பன்னிரண்டு. கூட்டங்கள், விடுப்பு, இடையில் வரும் கோளாறுகள் எல்லாம் அந்த 21க்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டன. எல்லா வேலையையும் ஒரே அளவு குறைத்து மதிப்பிட்டிருந்தாலும் கணக்கு கெடாது. மணிக்கணக்கில் அந்தத் தவறு அப்படியே தேதியில் ஏறும்.

இதைக் கெடுப்பதும் எளிது. ஒரு புள்ளி எட்டு மணி நேரம் என்று மேலாளர் மாற்றிக்கொண்டாலோ, அடுத்த குழு 40 முடிக்கிறதே என்று ஒப்பிட்டாலோ, நேற்று 3 ஆக இருந்த வேலை இன்று 5 ஆகிவிடும். எண் ஏறும், பயணிகள் கைக்கு வரும் வசதிகள் ஏறாது. அப்படித் தெரிந்தால், அந்தப் பழைய 2 புள்ளி வேலையை மேசையில் வைத்து மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.