நிரூபணமாகவில்லை என்றால் பொய் என்று பொருளல்ல

அலுவலக உள்ளகக் குழு ஒன்றில் வெளி உறுப்பினராகச் சில ஆண்டுகள் இருந்தவள் நான். ஆனால் அங்கே படித்த அறிக்கை எதிலிருந்தும் ஒரு வரிகூட இங்கே எழுத முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. புகார் என்ன, கொடுத்தவர் யார், யார்மீது, சாட்சி யார், குழு என்ன பரிந்துரைத்தது, எதையும் வெளியிடக் கூடாது. ஆகவே ஒரு கற்பனை அறிக்கையைத்தான் உங்கள்முன் விரித்துக் காட்டப்போகிறேன்.

நம் செய்தித்தாள்கள் இன்னும் ‘விசாகா கமிட்டி’ என்று எழுதும் அந்தக் குழுதான் இது. 1997இல் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல் 2013இல் சட்டமானது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியருக்கு. உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியாள் ஒருவர் கட்டாயம்.

கோவையில் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் ஒரு பெண். அவருக்கு மேலே ஒரு மேலாளர். ஏப்ரல் 4ஆம் தேதி அந்தப் பெண் எழுத்தில் புகார் கொடுக்கிறார். பிப்ரவரியிலிருந்து மேலாளர் இரவில் வாட்ஸ்அப்பில் தகாத செய்திகள் அனுப்பினார். மார்ச் 12 மதியம் ஸ்டோர் ரூமில் கையைப் பிடித்து இழுத்தார். இணங்காததால் ஆண்டு மதிப்பீட்டில் மார்க்கைக் குறைத்தார். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வந்த புகார் என்பதால் காலக்கெடு சிக்கல் இல்லை.

நல்ல அறிக்கை இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிப்போடாது. ஒவ்வொன்றையும் தனிக் குற்றச்சாட்டாக எழுதி, யார் என்ன சொன்னார்கள், என்ன ஆவணம் கிடைத்தது, குழு எதை ஏன் நம்பியது என்று தனித்தனியே சொல்லும்.

முதல் குற்றச்சாட்டு எளிது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல், அந்தப் பெண்ணின் செல்போனையே வாங்கி, முழு உரையாடலையும் குழு படித்துப் பார்த்தது. மேலாளரின் போனிலும் அதே செய்திகள். “விளையாட்டாகத்தான் அனுப்பினேன்” என்றார் அவர். “வேண்டாம் சார்” என்று அவர் மூன்று முறை பதில் எழுதிய பிறகும் செய்திகள் வந்திருக்கின்றன. நிரூபணமாகிறது என்று குழு எழுதியது.

இரண்டாவதில்தான் குழுவின் கைத்திறன் தெரியும். ஸ்டோர் ரூமுக்குள் கேமரா இல்லை, பார்த்தவரும் இல்லை. ‘அவர் சொல்கிறார், இவர் மறுக்கிறார், எனவே முடிவு சொல்ல இயலாது’ என்று பல குழுக்கள் இங்கே கையை விரித்துவிடும். அது தவறு. இது குற்றவியல் வழக்கு அல்ல. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். மேலாளர், அன்று மதியம் டீலரைப் பார்க்கப் போய்விட்டதாகச் சொன்னார். வாட்ச்மேனின் கேட் ரெஜிஸ்டரை வரவழைத்துப் பார்த்தால், அவர் வண்டி வெளியே போனது 3.10க்கு. பெண் சொன்ன நேரம் 2.30. அழுதபடி வெளியே வந்த அவரைச் சக ஊழியர் ஒருவர் பார்த்திருக்கிறார். அப்போதே அவரிடம் நடந்ததையும் சொல்லியிருக்கிறார். அந்தச் சாட்சியிடம் மேலாளர் கேட்க விரும்பிய கேள்விகளை எழுதி வாங்கி, குழுவே கேட்டு, பதிலைப் பதிவுசெய்தது. நேருக்கு நேர் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யவிடாமலே நியாயத்தைக் காக்க இப்படி வழி உண்டு. (இரு தரப்புக்கும் வக்கீல் வைக்க அனுமதி இல்லை.) இதுவும் நிரூபணமாகிறது.

மூன்றாவது விழுந்துவிட்டது. மதிப்பீட்டு மார்க் ஜனவரியிலேயே போடப்பட்டு, மேலிடத்துக்குப் போய்விட்டது. செய்திகள் தொடங்கியதோ பிப்ரவரியில். அந்தப் பெண்ணுக்கு மார்க் தெரியவந்தது மார்ச் கடைசியில். அதனால் இரண்டையும் இணைத்துப் பார்த்திருக்கிறார். ‘நிரூபணமாகவில்லை’ என்று குழு எழுதியது. ‘பொய்’ என்று எழுதவில்லை. இந்த இடத்தில்தான் அரைகுறையாகப் படித்தவர்கள் தடுமாறுவார்கள். ஆதாரம் தர முடியவில்லை என்பதற்காகப் புகார் கொடுத்தவர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தெரிந்தே, தீய நோக்கத்தோடு பொய் சொன்னார் என்று தனியே விசாரித்து நிறுவினால்தான் அந்தப் பிரிவு பாயும்.

அறிக்கையில் இருக்கக் கூடாதவையும் உண்டு. பெண்ணின் உடை, அவர் யாரோடு பேசினார், ஏன் அன்றே சொல்லவில்லை என்ற பிரசங்கம் எல்லாம் தேவையில்லை. மேலாளர் ‘நல்ல குடும்பத்துப் பிள்ளை’ என்பதும் அப்படியே. குழு விசாரித்தது மூன்று சம்பவங்களைத்தான். இருவரின் குணநலன்களை அல்ல.

பலர் தவறவிடும் ஒரு படி இருக்கிறது. இரு தரப்பும் ஊழியர்கள் என்றால், குழுவின் முடிவுகளை இருவருக்கும் கொடுத்து, ஆட்சேபம் இருந்தால் குழுவிடமே சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அதையும் கேட்டுக்கொண்டு அறிக்கையை முடிக்க வேண்டும். தலைவர் உட்படக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருந்தால்தான் விசாரணை செல்லும். இரண்டு பேர் உட்கார்ந்து விசாரித்துவிட்டு, வெளி உறுப்பினரிடம் கடைசியில் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பின்னால் அறிக்கையை உடைக்க எதிர்த்தரப்பு தேடும் முதல் ஓட்டை அதுதான்.

நம் கற்பனைக் குழு 90 நாளுக்குள் விசாரணையை முடித்தது. அடுத்த பத்து நாளுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்கும் இரு தரப்புக்கும் போய்ச் சேர்ந்தது. கம்பெனிக்குத் தனிப் பணி விதிகள் இல்லாததால், எழுத்தில் மன்னிப்பு, ஊதிய உயர்வை நிறுத்துதல், இனி அந்தப் பெண்ணின் வேலையை வேறொருவர் மதிப்பிடுதல் என்று பரிந்துரைத்தது. இழப்பீட்டை மேலாளரின் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னது. தொகையை எப்படிக் கணக்கிட்டது என்பதையும் எழுதியது: மன உளைச்சல், வேலையில் இழந்த வாய்ப்பு, மருத்துவச் செலவு, கொடுப்பவரின் வருமானம். நிர்வாகம் 60 நாளில் செயல்பட வேண்டும்.

அறிக்கையின் ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட்டு, கவரில் ஒட்டி, கையெழுத்து வாங்கிக் கொடுப்பது நல்லது. சாட்சிகளை ‘சாட்சி 1’, ‘சாட்சி 2’ என்று குறித்து, பெயர்ப் பட்டியலைத் தலைவரிடம் தனியே வைக்கும் குழுக்களும் உண்டு. இதையெல்லாம் செய்துவிட்டு, அறிக்கையைப் பத்துப் பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய புத்திசாலிகளும் உண்டு. விசாரணையைக் கையாளும் ஒருவர் ரகசியத்தைக் கசியவிட்டால் விதிப்படி அபராதம் 5,000 ரூபாய்.

அவசரத்தின் விலை அதைவிடப் பெரிது. கோவா பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராக இருந்த ஒருவர்மீது 2009இல் புகார்கள் வந்தன. குழு விசாரித்து, அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். உடல்நிலை காரணமாக அவர் அவகாசம் கேட்டும், குழு அடுத்தடுத்துக் கூட்டங்கள் நடத்தி விரைந்து முடித்தது. தன் தரப்பைச் சொல்ல அவருக்கு உரிய வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2023 மே 12ஆம் தேதி நீக்க உத்தரவு ரத்தானது. 2009 மே மாதத்தில் எந்த நிலையில் நின்றதோ, அங்கிருந்து விசாரணையைத் தொடரச் சொல்லி வழக்கு மீண்டும் குழுவிடமே வந்தது. புகார் கொடுத்தவர்களுக்கும் அதே 14 ஆண்டுகள்தான் போயிருந்தன.