பால் பொங்கிய பர்னர்

பால் பொங்கி வழிந்த மறுநாள், அடுப்பில் ஒரு பக்கம் மட்டும் தீ எரியாது. வழிந்த பால் பர்னர் மூடியின் சிறு துளைகளில் காய்ந்து இறுகியிருக்கும். பாத்திரத்தின் அடி கரி பிடிப்பதும் அடைப்பின் அறிகுறிதான்.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறியபின் பித்தளை மூடியைக் கழற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். ஊறாமல் குத்தினால் கரி நகராது. பிறகு ஒவ்வொரு துளையிலும் ஊசியை நேராக விட்டு எடுங்கள். சுழற்றினால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகும், தீ சீராக இருக்காது. பல்குத்தும் குச்சி வேண்டாம், உள்ளேயே முறிந்துவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, அலசி, வெளிச்சத்தில் பிடித்தால் துளைகள் எல்லாம் தெரிய வேண்டும்.

ஈரத்தோடு மாட்டினால் தீ படபடக்கும். முழுக்கக் காயவைத்து, ஆடாமல் பொருத்துங்கள். அடியில் கேஸ் வரும் ஜெட்டில் மட்டும் ஊசி படவே கூடாது. துளைகள் சுத்தமாகியும் தீ மஞ்சளாக எரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.