எலிப்பொறிக் கட்டு: காற்றை உள்ளே வைத்த சுவர்

இந்த 9 அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தியிருக்கிறார்கள். வெளிமுகத்தில் ஒன்றும் உள்முகத்தில் ஒன்றுமாக இரு கற்கள் நீளவாக்கில் நிற்க, அடுத்த கல் குறுக்கே நின்று இரண்டையும் பிணைக்கிறது. நடுவே ஏறத்தாழ 3 அங்குல வெற்றிடம். அங்கே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை எளிதில் கடத்தாது. செங்கல்லிலும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதைப் பரவலாகக் கையாண்டதற்கு அந்தச் சிக்கனம் பெரிய காரணம்.

குறுக்குக் கல் வழியே கொஞ்சம் சூடு கடக்கவே செய்யும். கலவை உள்ளே விழுந்து அடைத்துக்கொண்டால் அங்கும் சூடு ஏறும். அதனால் தேர்ந்த கொத்தனார் இடைவெளியை மரச்சட்டத்தால் மூடிக்கொண்டுதான் கலவை பரப்புவார். அடி வரியிலும் சன்னல் மட்டத்திலும் வெற்றிடம் விடமாட்டார்.