தம்பி போகும்முன் எழுதி வாங்குங்கள்

சிறு கடைக்கு இணையதளம் செய்துகொடுத்த ஃப்ரீலான்ஸ் டெவலப்பர் வேறு வேலைக்குப் போகும்போது கடைக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்திதான் வரும். நாலு யூசர்நேம், நாலு பாஸ்வேர்டு, கீழே “ஏதாவதுன்னா கூப்பிடுங்கண்ணே”. கடைக்காரரும் “சரி தம்பி” என்று முடித்துவிடுகிறார். அதை ஒப்படைப்பு ஆவணம் என்று சொல்ல முடியாது. எந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, எது எப்போது நின்றுபோகும், நின்றால் எப்படித் தெரியும் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது ஆவணம்.

பவானியில் ஜமுக்காளமும் போர்வையும் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ் தளம், அதில் வூகாமர்ஸ், ரேஸர்பே வழியாகப் பணம், ஒரு .com டொமைன். இந்த வகைக் கடைகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு இதுதான்.

முதலில் எழுத வேண்டியது டொமைன் பற்றி. டொமைன் என்பது கடை நிற்கும் மனையின் பத்திரம் மாதிரி. தளத்தையே தொலைத்தாலும் வேறொன்று கட்டிவிடலாம், முகவரி போனால் போனதுதான். வேலை தொடங்கிய அவசரத்தில் டெவலப்பர் தன் கணக்கிலேயே, தன் மின்னஞ்சலைக் கொடுத்து அதை வாங்கியிருப்பார். இதில் ஏமாற்று எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் .com டொமைன் காலாவதியாக ஒரு மாதம் இருக்கும்போதும், ஒரு வாரம் இருக்கும்போதும் வரும் நினைவூட்டல்கள் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். அதை அவர் திறந்தே பல மாதம் ஆகியிருக்கலாம். காலாவதியான பிறகு வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க, பதிவு நிறுவனத்தைப் பொறுத்து, அதிகபட்சம் 45 நாள் வரை கிடைக்கும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகப் பெரிய கட்டணம். பிறகு 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தளம் திறக்கவில்லை என்று வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொள்வதற்குள் இந்த நாட்களில் பாதி ஓடியிருக்கும்.

ஆகவே ஆவணத்தில் டொமைனின் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் போதாது. கடைக்காரர் தன் மின்னஞ்சலிலும் தன் கைபேசி எண்ணிலும் பதிவு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி, டொமைனை அதற்கு மாற்றிக்கொண்ட தேதி இருக்க வேண்டும். அடுத்த புதுப்பிப்புத் தேதியும், பணம் எந்தக் கார்டிலிருந்து போகும் என்பதும் வேண்டும். கார்டின் காலம் முடிந்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதி சத்தமில்லாமல் நின்றுவிடும். ஹோஸ்டிங்குக்கும் இதே கேள்விகள்தான்.

அடுத்தது ஆர்டர் மின்னஞ்சல். வாடிக்கையாளர் போர்வை வாங்கியதும் கடைக்கும் அவருக்கும் போகிற மெயில், பல தளங்களில் டெவலப்பரின் சொந்த ஜிமெயில் வழியாக அனுப்பப்படுகிறது. அதற்கென்று ஒரு ‘ஆப் பாஸ்வேர்டு’ உருவாக்கித் தளத்தில் பொருத்தியிருப்பார். அவர் என்றாவது தன் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினால் கூகுள் அந்த ஆப் பாஸ்வேர்டையும் ரத்து செய்துவிடும். தளம் நன்றாகத் திறக்கும், ஆர்டரும் பதிவாகும், மெயில் மட்டும் வராது. மெயிலைப் பார்த்து மூட்டை கட்டும் கடையில் அன்றைக்கு வியாபாரமே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கடையின் சொந்த மின்னஞ்சலுக்கு இதை மாற்றிவிட்டுப் போவது டெவலப்பரின் வேலை. ‘இரண்டு நாள் மெயில் இல்லையென்றால் வூகாமர்ஸின் Orders பக்கத்தை நேரில் பாருங்கள்’ என்ற ஒரு வரியை ஆவணத்தில் எழுதுவதும் அவர் வேலைதான்.

பணத்தில் வரும் கோளாறு இதைவிடத் தொல்லை. வாடிக்கையாளர் பணம் கட்டியதும் ரேஸர்பே தளத்துக்கு ஒரு தகவல் அனுப்பும், அதற்கு வெப்ஹூக் என்று பெயர். அது வந்து சேராமல் போகும் நேரங்களில் ரேஸர்பே கணக்கில் பணம் `Captured` என்று நிற்கும், கடையின் ஆர்டரோ `Pending payment` என்றே கிடக்கும். சரக்கு இருப்பைக் கணக்கில் வைத்திருக்கும் தளமாக இருந்தால், வூகாமர்ஸ் இயல்பான அமைப்பில் 60 நிமிடம் பார்த்துவிட்டு அந்த ஆர்டரை ரத்தே செய்துவிடும். பணம் கட்டியவர் ஜமுக்காளம் எங்கே என்று சண்டைக்கு வருவார், கடைக்காரரின் திரையில் `Cancelled` என்றிருக்கும். ஆவணத்தில் இதை இப்படி எழுதினால் போதும்:

```
பணம் வந்தது, ஆர்டர் ரத்து என்றால்:
1. ரேஸர்பேயில் தேதி, தொகை, கைபேசி எண் சரிபார்க்கவும்.
2. ஆர்டரை Processing என்று மாற்றவும்.
3. ஒரே வாரத்தில் இரண்டு முறை நடந்தால்
   வெப்ஹூக்கைப் பார்க்க ஆள் கூப்பிடவும்.
```

மூன்றாவது வரிதான் எனக்குப் பிடித்தது. கடைக்காரர் எதைத் தானே செய்யலாம், எங்கே கை வைக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டும் என்ற எல்லையை அது சொல்கிறது. நான் பார்த்த ஆவணங்களில் இந்த எல்லைதான் பெரும்பாலும் விடுபட்டிருக்கிறது.

பேக்அப் விஷயத்துக்கு வருவோம். “தினமும் பேக்அப் ஆகுது” என்று ஆவணத்தில் இருந்தால் உடனே எங்கே என்று கேளுங்கள். தளம் இருக்கும் அதே சர்வரில் பேக்அப்பும் இருந்தால், சர்வர் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். கடையின் கூகுள் டிரைவில் இருக்கட்டும். அதோடு, மீட்பதில் ஒரு பொறி இருக்கிறது. இன்று மதியம் ஒரு ப்ளகினைப் புதுப்பித்ததில் தளம் வெள்ளையாகிவிட்டது என்று நேற்றிரவுப் பிரதியை முழுசாக மீட்டால், தளம் வந்துவிடும், இன்று காலை வந்த ஆர்டர்கள் மறைந்துவிடும். ஆர்டர்கள் இருப்பது டேட்டாபேஸில், ப்ளகின் இருப்பது கோப்புகளில். பழுது ப்ளகினில் என்றால் பெரும்பாலும் கோப்புகளை மட்டும் மீட்டாலே போதும். ஆவணம் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். புதுப்பிக்கும் முன் பேக்அப் எடு, ஒவ்வொரு ப்ளகினாகப் புதுப்பி, முடிந்ததும் ஒரு சோதனை ஆர்டர் போடு என்ற வரிசையும் அதில் இருக்க வேண்டும்.

கடைசியாக, டெவலப்பரை வெளியே அனுப்பும் வேலை. “தம்பிதான் போயிட்டாரே” என்று அவருடைய யூசரை அழிக்கப் போனால் வேர்ட்பிரஸ் ஒரு கேள்வி கேட்கும். `Delete all content` என்பதைத் தேர்ந்தால் அவர் செய்த பக்கங்கள் குப்பைக்குப் போகும். அவற்றையாவது 30 நாளைக்குள் மீட்கலாம். அவர் ஏற்றிய ஜமுக்காளப் படங்கள் கோப்போடு அழிந்துவிடும். `Attribute all content to` என்பதைத் தேர்ந்து, கடைக்காரரின் யூசரைக் காட்ட வேண்டும். அதற்கு முன் கடைக்காரருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு இருக்கிறதா என்றும், ஓடிபி அவருடைய எண்ணுக்கே வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை ஆவணத்தில் எழுதவே வேண்டாம். அவை ஒரு பாஸ்வேர்டு மேலாளர் செயலியில் இருக்கட்டும். கைபேசி தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை மட்டும் அச்சடித்துப் பீரோவில் வையுங்கள்.

இவ்வளவும் எழுதி வாங்கினாலும் அது சரிதானா என்பது படித்தால் தெரியாது. டெவலப்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் வாய் திறக்காமல் இருக்க, ஆவணத்தை மட்டும் பார்த்து நீங்களே டொமைன் கணக்கில் நுழையுங்கள். ஒரு ரூபாய் சோதனைப் பொருளை வாங்கிப் பாருங்கள். பிரதித் தளத்தில் ஒரு பேக்அப்பை மீட்டுப் பாருங்கள். நீங்கள் தடுமாறும் இடங்களையெல்லாம் அவர் அங்கேயே திருத்தி எழுதட்டும். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.