நாற்பதாயிரம் என்று எழுதுங்கள்

டீக்கடை பெஞ்சில் ஒரு கடிதத்தை விரித்தார்கள், மூன்றாமாண்டு மாணவர்கள் இருவர். "கலைவிழாவுக்கு ஸ்பான்சர் கேட்டு 15 இடத்துல கொடுத்தோம் அண்ணே. ஒருத்தரும் கூப்பிடலை."

டூவீலர் டீலர் ஒருவரிடம் விளம்பரப் பிரிவில் இருந்தவன் நான். விழாக்காலம் வந்தால் இப்படிக் கடிதங்கள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கும். ஒன்றரைப் பக்கம் கல்லூரியின் வரலாறு. கடைசி வரியில், "தங்களால் இயன்ற நன்கொடை அளித்து விழா சிறக்க உதவுமாறு வேண்டுகிறோம்."

அந்த வரியில்தான் சிக்கல். கடிதத்தைப் படிக்கும் மேனேஜர் தன் சட்டைப்பையிலிருந்து கொடுக்கப்போவதில்லை. மேலே ஒருவருக்கு மெயில் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். எவ்வளவு, அதற்கு நமக்கு என்ன கிடைக்கும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அந்த மெயிலில் இருக்க வேண்டும். "இயன்றது" என்று எழுதினால் அவரால் எதையும் அனுப்ப முடியாது. "நன்கொடை" என்று கேட்டால் சில்லறைச் செலவுக் கணக்கிலிருந்து 1,000 ரூபாய் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இவர்கள் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது: "தங்கள் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து." அதை அடிக்கச் சொன்னேன். தன் பொருளுக்கு விளம்பரம் தேடி ஒரு நிறுவனம் தரும் ஸ்பான்சர் பணம் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது என்று விதியே இருக்கிறது. பேனரில் லோகோ போடுகிறோம் என்று சொல்லிவிட்டு அந்த நிதியைக் கேட்டால், கேட்பவருக்கு விஷயம் தெரியவில்லை என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுவார்.

"சரி, எவ்வளவு வேணும்?" என்றேன். "கொடுக்கறதைக் கொடுக்கட்டும் அண்ணே" என்றார்கள். அங்கேயே கணக்குப் போட்டோம். மேடை, ஒலி, ஒளி, பரிசு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 3 லட்சம். கல்லூரி தருவது 1,20,000, நுழைவுக் கட்டணத்தில் வருவது 60,000. துண்டு விழுவது 1,20,000. அதை மூன்று பேரிடம் 40,000 வீதம் கேட்கலாம்: ஒரு டூவீலர் ஷோரூம், ஒரு மொபைல் கடை, ஒரு கோச்சிங் சென்டர். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். "உங்கள் போட்டிக் கடை உள்ளே வராது" என்று எழுதித் தருவதே பெரிய சலுகை.

அடுத்து, ஷோரூம்காரர் ஏன் 40,000 தர வேண்டும்? "நிறைய பேர் வருவாங்க" என்றார்கள். போன வருடப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து 1,100 பேர், இவர்கள் மாணவர்கள் 900 பேர். ஆக, தலைக்கு 20 ரூபாய். ஆனால் பேனரைப் பார்த்துவிட்டுப் போகும் தலைக்கு அது அதிகம். ஷோரூமுக்கு வேண்டியது வண்டியில் ஏறி உட்காரும் ஆள். ஆகவே லோகோவைப் பின்னால் தள்ளிவிட்டு டெஸ்ட் ரைடை முன்னால் வைத்தோம். அதற்கு முதல்வரிடம் அனுமதி வாங்கிய பிறகே எழுத வேண்டும். கொடுக்க முடியாததை எழுதினால் விழா நாளில் ஷோரூம்காரர் வண்டியோடு கேட்டில் நிற்பார்.

"மாணவர்களின் போன் நம்பர் பட்டியல் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்க ஆசைப்பட்டார்கள். நான் விடவில்லை. விழாவுக்குப் பதிவு செய்யக் கொடுத்த நம்பரை, அவர்களைக் கேட்காமல் விற்பனைக்காரரிடம் கொடுப்பது தவறு. ஸ்டாலுக்கு வந்து தானே எழுதிக் கொடுப்பவர் நம்பர் மட்டும் போகட்டும்.

கடைசியில் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வந்தது: "இரண்டு நாள் விழாவில் சுமார் 2,000 மாணவர்கள் கலந்துகொள்வார்கள். தங்கள் நிறுவனத்துக்கு நுழைவாயில் அருகே 10-க்கு 10 அடி ஸ்டால், உரிமம் உள்ளவர்களுக்கு மைதானத்தின் பின்சாலையில் ஹெல்மெட்டுடன் டெஸ்ட் ரைடு, மேடைப் பின்திரையில் லோகோ ஆகியவை தருகிறோம். வேறு டூவீலர் நிறுவனம் இடம்பெறாது. இதற்காக ரூ.40,000 ஸ்பான்சர் தொகையை விழாவுக்கு 15 நாள் முன்னதாகக் கோருகிறோம்."

கல்லூரி லெட்டர்பேடில், முதல்வர் கையெழுத்தோடு, ஒரே பக்கம். பணம் கல்லூரிக் கணக்குக்குத்தான். மாணவர் பெயரில் உள்ள ஜிபே நம்பர் இருந்தால் எந்த அக்கவுண்ட்ஸ் பிரிவும் தொடாது. விழாவுக்கு ஆறு வாரம் முன்பே நேரில் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்துப் போனில் கேட்க வேண்டும்.

"25,000தான் முடியும்னு சொன்னா?" என்றான் இருவரில் ஒருவன். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதே சலுகைகளுக்கு இல்லை. பின்திரை லோகோவையும் 'வேறு டூவீலர் வராது' என்ற வாக்கையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 40,000 என்பது சும்மா சொன்ன தொகை என்று ஆகிவிடும். அடுத்த வருடம் அவர் 15,000-த்தில் தொடங்குவார்.

ஜிஎஸ்டியை யார் கட்டுவது என்பதைக் கல்லூரி அக்கவுண்டன்ட்டிடம் முன்பே கேட்டு வைக்கச் சொன்னேன். பிறகு ஒன்று: கணக்கில் 39,200 மட்டும் வந்தால் ஷோரூமோடு சண்டைக்குப் போக வேண்டாம். 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். அந்த 800 ரூபாய் கல்லூரியின் பான் எண்ணில் வரவாகும்.