ஒரு சர்வர் போனால் யார் தலையில் விடியும்?

சாஃப்ட்வேர் நேர்காணலில் 'சிஸ்டம் டிசைன்' சுற்று வரை போனவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமாகியிருக்கும்: "நாலு கேஷ் சர்வர்கள் இருக்கின்றன. எந்தத் தகவலை எதில் வைப்பீர்கள்?" பெரும்பாலானோர் சட்டென்று ஒரு பதில் சொல்வார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர் உண்டு, அதுதான் கீ. அதை ஹாஷ் செய்தால் ஒரு பெரிய எண் கிடைக்கும். அந்த எண்ணை நாலால் வகுத்து, வரும் மீதியை வைத்து சர்வரைத் தீர்மானிக்கலாம். தப்பில்லை. ஆனால் கேட்டவர் விடமாட்டார்: "ஐந்தாவது சர்வர் வந்தால்?"

நாலால் வகுத்தாலும் ஐந்தால் வகுத்தாலும் ஒரே மீதி தருகிற எண்கள் இருபதுக்கு நாலுதான். அதாவது நூறு கீகளில் ஏறத்தாழ எண்பதுக்கு முகவரி மாறிவிடும். தகவல் பழைய சர்வரில் பத்திரமாக இருக்கும். தேடுகிறவர் புதிய சர்வரில் தேடிவிட்டு, காணவில்லை என்று டேட்டாபேஸுக்குப் போவார். எல்லாரும் ஒரே நேரத்தில் அப்படிப் போனால் டேட்டாபேஸ் படுத்துவிடும். சுமையைக் குறைக்கச் சேர்த்த சர்வரே வினையாகிவிடும்.

இதற்கான மாற்று, டேவிட் கார்கர், டாம் லெய்டன், டேனியல் லெவின் உள்ளிட்ட எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. பெயர் கன்சிஸ்டென்ட் ஹாஷிங். லெய்டனும் லெவினும் அடுத்த ஆண்டே ஆகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

யோசனை இதுதான்: கீயை மட்டுமல்ல, சர்வரின் பெயரையும் ஹாஷ் செய்து, இரண்டையும் ஒரே வட்டத்தில் வைப்பது. நிஜத்தில் வட்டத்தில் பல கோடி இடங்கள் இருக்கும். நமக்கு 0 முதல் 99 வரை போதும். A 10இலும், B 35இலும், C 60இலும், D 85இலும் விழுந்தன என்போம். ஒரு கீ விழுந்த இடத்திலிருந்து வலஞ்சுழியாகப் போனால் முதலில் எதிர்ப்படும் சர்வருக்கே அது சொந்தம். 42இல் விழுந்த கீ C-க்குப் போகும். 91இல் விழுந்தது 99ஐத் தாண்டிச் சுற்றிவந்து A-யிடம் சேரும். சர்வர்களின் இடங்களை வரிசைப்படுத்தி வைத்துவிட்டால் தேடலுக்கு ஒரு வரி போதும்:

```python
i = bisect.bisect_left(points, h(key)) % len(points)
```

இந்த `h` எல்லா இயந்திரங்களிலும் ஒரே விடை தரவேண்டும். பைத்தானின் `hash()`-ஐ அப்படியே போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்; எழுத்துத் தொடர்களுக்கு அது ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு எண்ணைத் தருவது வழக்கம்.

இப்போது E என்ற சர்வர் 50இல் வந்து சேருகிறது. 36 முதல் 50 வரை உள்ள கீகள் C-யிடமிருந்து E-க்குப் போகும். A, B, D மூன்றுக்கும் விஷயமே தெரியாது.

வெளியேறும்போதுதான் கவனிக்க வேண்டும். E இல்லாத பழைய வட்டத்தில் D விழுந்துவிட்டால், 61 முதல் 85 வரை மொத்தமும் A-யின் தலையில் விடியும். இருபத்தைந்து இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்த A இப்போது ஐம்பதைச் சுமக்கிறது. அது தாங்காமல் விழுந்தால் ஐம்பதும் B-யிடம் போய், B எழுபத்தைந்தைத் தூக்க வேண்டும். இந்தச் சரிவைத் தானாகச் சொல்லும் விண்ணப்பதாரரைத்தான் நேர்காணல் நடத்துபவர் தேடிக்கொண்டிருப்பார் என்பது என் எண்ணம்.

இதில் இடங்களைச் சமமாக நான் வைத்தது ஒரு சலுகை. நாலு புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தில் போட்டால், மிகப் பெரிய துண்டு சராசரியாக வட்டத்தில் பாதிக்கு மேல் வரும். இரண்டு குறைக்கும் ஒரே மருந்து விர்ச்சுவல் நோட்: D-1, D-2 என்று பெயர் மாற்றி மாற்றி ஹாஷ் செய்து, ஒவ்வொரு சர்வரையும் நூறு, இருநூறு இடங்களில் நடுவது. நூறு புள்ளிகள் இருந்தால் ஏற்றத்தாழ்வு சுமார் பத்து சதவீதத்துக்கு வந்துவிடும். D போனாலும் அதன் நூறு துண்டுகள் மூன்று பேரிடமும் சிதறிச் சேரும். ஒவ்வொருவர் சுமையும் 25இலிருந்து 33 வாக்கில் உயரும், இரட்டிப்பாகாது.

போன சர்வர் திரும்பி வருவதைப் பலர் யோசிப்பதில்லை. 50இல் இருக்கும் E நெட்வொர்க் கோளாறால் சற்று நேரம் காணாமல் போகிறது என்போம். அதில் ஒரு பொருளின் விலை 500 ரூபாய் என்று இருந்தது. அந்த இடைவெளியில் விலை 450 ஆகிறது. புது விலை C-யில் பதிகிறது. E திரும்பியதும் கேட்பவர்கள் மறுபடி அதனிடம் போவார்கள், அது 500 என்றே சொல்லும். டேட்டாபேஸில் சரியான விலை, திரையில் பழைய விலை, அதுவும் ஒரு சர்வர் மீண்ட சில நிமிடங்களில் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். E-யின் கேஷைக் காலிசெய்த பிறகே வட்டத்தில் சேர்ப்பது ஒரு வழி. ஒவ்வொரு தகவலுக்கும் குறுகிய காலாவதி வைப்பது இன்னொன்று, அந்தக் காலாவதி முடியும்வரை தவறான விலை தெரியும் என்ற நிபந்தனையோடு.